லேட் ஃபீ தள்ளுபடி: நேரத்துக்குக் கட்டியவன் ஏமாளியா?

மஞ்சக்குப்பம் எலெக்ட்ரிக்கல்ஸ் எழுதியது:

கடலூரில் சின்னதாக ஒரு எலெக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறேன். 2018, 2019-ல் பணம் புரள்வது கஷ்டமாக இருந்தது. மாதாந்திர ஜிஎஸ்டி ரிட்டர்னான GSTR-3B-யை 20-ஆம் தேதிக்குள் போட முடியாமல் ஒவ்வொரு மாதமும் பதினைந்து இருபது நாள் தள்ளிப்போகும். ஒரு நாளைக்கு 50 ரூபாய் வீதம் லேட் ஃபீ கட்டித்தான் போட்டேன். ஒரு மாதத்தையும் விட்டதில்லை.

எங்கள் தெருவிலேயே இன்னொரு கடைக்காரர். ஒரு வருஷத்துக்கும் மேலாக ரிட்டர்னே போடாமல் இருந்தார். 2020-ல் தள்ளுபடி வந்ததும் ரிட்டர்னுக்கு 500 ரூபாய் கட்டி எல்லாவற்றையும் முடித்துவிட்டார். நான் கட்டியதில் பாதிகூட அவர் கட்டவில்லை. நான் கட்டியது திரும்பக் கிடைக்குமா என்று ஆடிட்டரிடம் கேட்டால் சிரிக்கிறார்.

என் கேள்வி இதுதான். அடிக்கடி இப்படி மன்னிப்பு கொடுத்தால் அடுத்த முறை யார் நேரத்துக்குக் கட்டுவார்கள்? நானே அடுத்த தடவை காத்திருக்கலாமா என்று யோசிக்கிறேன்.

---

சில்வர் பீச் எழுதியது:

அண்ணே, இதெல்லாம் செல்லாது. 1997-ல் ப.சிதம்பரம் கொண்டுவந்த, மறைத்த வருமானத்தைத் தானே அறிவிக்கும் விடிஐஎஸ் திட்டத்துக்குப் பிறகு இனிமேல் வரி மன்னிப்பே கூடாது என்று சுப்ரீம் கோர்ட் தடை போட்டுவிட்டது. யாராவது கேஸ் போட்டால் ஜிஎஸ்டி தள்ளுபடி எல்லாம் ஒரே நாளில் காலி.

---

வில்லியனூர் கணக்கர் எழுதியது:

சில்வர் பீச் தம்பி, நீங்கள் சொல்வதில் பாதி சரி. கோர்ட் தடை போடவில்லை. இனி இப்படி ஒரு திட்டம் கொண்டுவர மாட்டோம் என்று மத்திய அரசுதான் கோர்ட்டில் உறுதி கொடுத்தது. அந்த உறுதியும் வருமான வரியில் கணக்கில் காட்டாத பணத்தைப் பற்றியது. 2016-ல் மறுபடியும் வருமான அறிவிப்புத் திட்டம் கொண்டுவந்தபோது 45 சதவீதம் வசூலித்தார்கள். வழக்கமான வரியைவிட அதிகம், ஆகவே இது மன்னிப்பே இல்லை என்று விளக்கமும் சொன்னார்கள்.

விடிஐஎஸ்ஸில் ஒரு வேடிக்கை உண்டு. 1987-க்கு முன் வாங்கிய நகை என்று சொன்னால் 1-4-1987 விலையில் மதிப்புப் போடலாம். அதற்கு 30 சதவீதம் வரி. போன மாதம் வாங்கிய தங்கத்தைக்கூடப் பாட்டி காலத்து நகை என்று எழுதிக் கொடுத்துவிடலாம். தணிக்கைத் துறை பிறகு இதைக் கடுமையாகக் கேட்டது. அங்கே வரியையே குறைத்து மன்னித்தார்கள்.

லேட் ஃபீ தள்ளுபடி அப்படி இல்லை. இதில் வரியில் ஒரு ரூபாய்கூடக் குறையாது, வட்டியும் குறையாது. தாமதக் கட்டணம் மட்டும்தான் குறையும். இந்த இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் பேசினால் விவாதம் எங்கேயும் போகாது.

மஞ்சக்குப்பம் சார், உங்கள் பக்கத்துக் கடைக்காரர் எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை போடவில்லை? மாதம் சுமார் எவ்வளவு வரி?

---

திருப்பாதிரிப்புலியூர் வாசகி எழுதியது:

இந்தத் தள்ளுபடி மாநகராட்சி வீட்டு வரிக்கும் உண்டா? எங்களுக்கு ஐந்து அரையாண்டு பாக்கி இருக்கிறது. மாதம் ஒரு சதவீதம் வட்டி ஏறிக்கொண்டே போகிறது. எப்போது அறிவிப்பார்கள் என்று யாராவது சொல்லுங்கள்.

---

வில்லியனூர் கணக்கர் எழுதியது:

அக்கா, இங்கே பேசுவது ஜிஎஸ்டி. வீட்டு வரி வேறு சட்டம். அரையாண்டு தொடங்கி முப்பது நாளுக்குள் கட்டினால் ஐந்து சதவீதம் ஊக்கத்தொகை உண்டு, அதிகபட்சம் 5,000 ரூபாய். பாக்கியை முடித்துவிட்டு அடுத்த அரையாண்டிலிருந்து அதை வாங்கிக்கொள்ளுங்கள். தள்ளுபடிக்காகக் காத்திருக்காதீர்கள்.

---

மஞ்சக்குப்பம் எலெக்ட்ரிக்கல்ஸ் எழுதியது:

அவர் 2018 அக்டோபரிலிருந்து 2020 ஜனவரி வரை போடவில்லை, பதினாறு மாதம். எல்லாவற்றையும் 2020 செப்டம்பரில் போட்டார். அவர் கடையும் என் கடை அளவுதான். மாதம் விற்பனை வரி சுமார் 30,000, சரக்கு வாங்கும்போது கட்டிய வரியான இன்புட் 24,000 போக கையிலிருந்து 6,000 கட்ட வேண்டியிருக்கும்.

---

வில்லியனூர் கணக்கர் எழுதியது:

நன்றி சார். கணக்கைப் போட்டே பார்த்துவிடுவோம். அந்த அளவுக்கே இரண்டு பேருக்கும் வைத்துக்கொள்கிறேன்.

முதலில் பின்னணி. 3பி லேட் ஃபீக்கு 2018 முதல் மூன்று சுற்றுத் தள்ளுபடி வந்தது. 2018 டிசம்பர் 22 முதல் 2019 மார்ச் 31 வரை போட்டவர்களுக்கு, 2018 செப்டம்பர் வரையான ரிட்டர்ன்களுக்கு முழுத் தள்ளுபடி. 2020 ஜூலை முதல் செப்டம்பருக்குள் போட்டால், 2020 ஜனவரி வரையான ரிட்டர்ன்களுக்கு அதிகபட்சம் 500 ரூபாய். 2021-ல் மூன்றாவது சுற்று, 2021 ஏப்ரல் வரையானவற்றுக்கு அதிகபட்சம் 1,000. ஆகஸ்ட் கடைசி என்று சொல்லி நவம்பர் 30 வரை நீட்டினார்கள். உங்கள் பக்கத்துக் கடைக்காரர் வந்தது இரண்டாவது சுற்றில்.

தள்ளுபடி வந்திருக்காவிட்டால்: ஒரு நாளைக்கு 50 ரூபாய், ஒரு ரிட்டர்னுக்கு உச்சவரம்பு 10,000. அதாவது 200 நாளில் உச்சத்தைத் தொட்டுவிடும். 2020 செப்டம்பர் கடைசியில் பதினாறு ரிட்டர்னுமே அந்த 200 நாளைத் தாண்டிவிட்டன. மொத்தம் 1,60,000. அவர் கட்ட வேண்டிய வரியோ 96,000தான். வரியைவிட லேட் ஃபீ பெரிது. இந்த நிலையில் எந்தச் சின்னக் கடைக்காரர் திரும்பி வருவார்? முந்தைய மாதத்தைப் போடாமல் அடுத்த மாதத்தைப் போட போர்ட்டல் விடாது. ஆகவே ஒரு மாதம் சறுக்கினால் பின்னால் வரும் எல்லா மாதமும் சறுக்கும்.

தள்ளுபடியில் அவர் கட்டியது 16 x 500, அதாவது 8,000. நீங்கள் சராசரியாக 20 நாள் தாமதம் என்றால் மாதம் 1,000, பதினாறு மாதத்துக்கு 16,000. நீங்கள் சொன்னது ஏறக்குறையச் சரிதான், அவரைப் போல இரண்டு மடங்கு கட்டியிருக்கிறீர்கள்.

ஆனால் வட்டி 18 சதவீதம் தள்ளுபடியில் வராது. அவருடைய சராசரித் தாமதம் பதினான்கரை மாதம். 96,000-க்கு வட்டி 20,880. உங்களுக்கு 20 நாளுக்கு 950 ரூபாய்க்குள். ஆக அவருக்கு மொத்தம் 28,880, உங்களுக்கு 17,000-க்குக் கொஞ்சம் குறைவு. வட்டியையும் சேர்த்தால் நீங்கள்தான் லாபம்.

---

மஞ்சக்குப்பம் எலெக்ட்ரிக்கல்ஸ் எழுதியது:

கணக்கு காகிதத்தில் அழகாகத்தான் இருக்கிறது சார். அவர் வட்டி கட்டினாரா என்று கேட்டுப் பாருங்கள். போர்ட்டல் லேட் ஃபீயைத் தானே போட்டுக் காட்டியது, வட்டியை நாமேதான் போட வேண்டும் என்று விட்டிருந்தார்கள். "கேட்கும்போது பார்த்துக்கலாம்" என்றாராம்.

---

வில்லியனூர் கணக்கர் எழுதியது:

அது உண்மை. அந்தக் காலத்தில் வட்டியைப் போர்ட்டல் கணக்கிட்டுத் தரவில்லை. நிறையப் பேர் பூஜ்யம் போட்டுத்தான் தாக்கல் செய்தார்கள். பிறகு நோட்டீஸ் வந்து கட்டியவர்களும் உண்டு, நோட்டீஸே வராதவர்களும் உண்டு.

---

லாஸ்பேட்டை பேராசிரியை எழுதியது:

கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிறேன். மஞ்சக்குப்பம் சாரின் கேள்வியை ஆய்வாளர்கள் ரொம்ப காலமாகவே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். 1990-ல் ஜேம்ஸ் ஆல்ம், மைக்கேல் மெக்கீ, வில்லியம் பெக் மூவரும் ஆய்வுக்கூடச் சோதனை ஒன்று நடத்தினார்கள். ஆட்களை உட்காரவைத்து, வருமானம் கொடுத்து, வரி கட்டச் சொன்னார்கள். நடுவே மன்னிப்பு அறிவித்தால் அதற்குப் பிறகு கட்டுவது குறைந்தது. மன்னிப்போடு சேர்த்துச் சோதனையையும் அபராதத்தையும் கடுமையாக்கினால் கூடியது. ஆய்வுக்கூடத்தில் சில்லறைக் காசுக்கு விளையாடுகிறவர்களும் கடைக்காரரும் ஒன்றில்லை என்பது நியாயமான குறைதான்.

நிஜ உலகில் விளைவு அவ்வளவு தெளிவில்லை. அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் 1985-ல் மன்னிப்பு கொடுத்தது. ஆல்மும் பெக்கும் அதன் வரி வசூலைப் பின்னால் ஆராய்ந்தபோது நீண்டகாலத்தில் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஒருமுறை கொடுத்தால் பெரிய கெடுதல் இல்லை என்று அதைப் படிக்கலாம். சிக்கல் திரும்பத் திரும்பக் கொடுப்பதில். அமெரிக்க மாநிலங்களை வைத்து லுய்டெல், சோபெல் இருவரும் 2007-ல் எழுதியதும் அதைத்தான் சொன்னது. அடுத்தடுத்த சுற்றுகளில் கிடைக்கும் பணம் சுருங்குகிறது, நீண்டகால வருவாயும் பாதிக்கப்படுகிறது.

அயர்லாந்து 1988-ல் கொடுத்தபோது மூன்று கோடி பவுண்டு வரும் என்று எதிர்பார்த்தார்கள், வந்தது சுமார் ஐம்பது கோடி. இதுதான் கடைசி வாய்ப்பு, பிறகு கடுமையாக இருப்போம் என்று சொன்னதை ஜனங்கள் நம்பினார்கள். ஐந்தே வருஷத்தில், 1993-ல், 15 சதவீத வரியில் இன்னொன்று கொடுத்தார்கள். "கடைசி" என்று சொன்னதற்கு என்ன மரியாதை?

நம்மூரில் 2018, 2020, 2021. மூன்று வருஷத்துக்குள் மூன்று. என் கணக்கில் இது ஆபத்தான பக்கம்.

---

பண்ருட்டி முந்திரி எழுதியது:

மேடம், நான் படித்தது குறைவு, ஆனால் அனுபவம் உண்டு. என் தம்பி பெயரில் ஒரு முந்திரி வியாபாரம். 2018 டிசம்பரில் முழுத் தள்ளுபடி வந்தபோது அவன் அசையவே இல்லை. "அடுத்ததும் வரும்" என்று சொன்னான், வந்தது. அதுவரைக்கும் நீங்கள் சொன்னது அப்படியே பொருந்தும்.

அவனை நகர்த்தியது வேறு. 2019 டிசம்பரில், சரக்கு வண்டியில் போகும்போது வேண்டிய இ-வே பில்லைப் பூட்டினார்கள். தொடர்ந்து இரண்டு ரிட்டர்ன் போடாதவன் பெயரில் இ-வே பில் எடுக்க முடியாது. அப்போது அவன் அனுப்புவதற்கு மட்டுமில்லை, அவனுக்கு யாரும் சரக்கு அனுப்பவும் முடியாது. எங்களுக்குப் பாதி வியாபாரம் புதுச்சேரி இனிப்புக் கடைகளோடு. தமிழ்நாட்டுக்குள்ளே ஒரு லட்சம் வரை இ-வே பில் தேவையில்லை. முள்ளோடையைத் தாண்டினால் வேறு மாநிலம், 50,000-க்கு மேல் போனால் கட்டாயம். முந்திரிப் பருப்பு சில டின் ஏற்றினாலே அந்த அளவு வந்துவிடுமே. ஆட்டோவில் ஏற்றிய சரக்கை இறக்க வேண்டியதாயிற்று. கடன் வாங்கி பாக்கி மாதம் எல்லாவற்றையும் முழு லேட் ஃபீயோடு போட்டான். ஏழு மாதம் பொறுத்திருந்தால் 500-க்கு முடிந்திருக்கும். அவனால் ஏழு நாள் பொறுக்க முடியவில்லை.

---

லாஸ்பேட்டை பேராசிரியை எழுதியது:

இது நல்ல விஷயம். தள்ளுபடி வரும் என்று உங்கள் தம்பிக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தாலும் காத்திருக்க முடிந்திருக்காது, இல்லையா? காத்திருப்பதற்கு ஒரு விலை வந்துவிட்டது. அப்படியானால் கெடுதல் தள்ளுபடியில் இல்லை, காத்திருப்பது இலவசமாக இருப்பதில்தான் என்று சொல்லலாமா?

---

வில்லியனூர் கணக்கர் எழுதியது:

சொல்லலாம், கொஞ்சம் திருத்தத்தோடு. அந்தப் பூட்டு கோவிட் வந்ததும் நிறுத்தப்பட்டு, பிறகு கட்டம் கட்டமாகத் திரும்பியது. 2021-ல் விதியையும் மாற்றினார்கள். இப்போது அனுப்புகிறவர் பெயரில்தான் பூட்டு, வாங்குவதற்குத் தடையில்லை. அதைவிடப் பெரிய அழுத்தம் வாடிக்கையாளரிடமிருந்து வருகிறது. 2022 ஜனவரியிலிருந்து, விற்றவர் காட்டாத பில்லுக்கு வாங்கியவர் இன்புட் எடுக்க முடியாது. முந்தைய மாத 3பி போடாதவரால் பில்களை ஏற்றவே முடியாது. ஆக வாங்கியவர் போன் போட்டுத் திட்டுவார். அதிகாரி ஆறு மாதத்துக்கு ஒரு முறை எட்டிப் பார்ப்பார், வாடிக்கையாளர் மாதா மாதம் கேட்பார்.

2021-ல் இன்னொன்றும் செய்தார்கள், அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. லேட் ஃபீயின் உச்சவரம்பை நிரந்தரமாகவே குறைத்தார்கள். ஒன்றரைக் கோடி வரை விற்பனை உள்ளவருக்கு ஒரு ரிட்டர்னுக்கு 2,000, வரி இல்லாத ரிட்டர்னுக்கு 500. உங்கள் பக்கத்துக் கடைக்காரரின் பதினாறு மாதம் இன்றைக்கு என்றால் 32,000தான், 1,60,000 இல்லை. என்னைக் கேட்டால் நான் மேலே சொன்ன மூன்று தள்ளுபடியும் மன்னிப்பே இல்லை, தப்பாக வைத்த கட்டணத்தைத் தவணை முறையில் திருத்தியது. நேராக 2017-லேயே 2,000 என்று வைத்திருந்தால் மஞ்சக்குப்பம் சார் இன்று இந்த இழையைத் தொடங்கியிருக்க மாட்டார்.

---

மஞ்சக்குப்பம் எலெக்ட்ரிக்கல்ஸ் எழுதியது:

நல்லது. திருத்தியவர்கள் ஏற்கெனவே கட்டியவனுக்குத் திருப்பித் தந்திருக்கலாமே? தப்பான கட்டணம் என்றால் என்னிடம் வாங்கியதும் தப்புதானே.

---

வில்லியனூர் கணக்கர் எழுதியது:

ஒரே ஒருமுறை தந்தார்கள். 2017 ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் மூன்று மாத லேட் ஃபீயைத் தள்ளுபடி செய்தபோது கட்டியவர்களின் ரொக்கக் கணக்கில் திரும்ப வரவு வைத்தார்கள். அப்புறம் அந்தப் பழக்கம் போய்விட்டது.

உங்களுக்கு இன்னும் கோபம் வரக்கூடிய ஒன்றையும் சொல்கிறேன். பக்கத்துக் கடைக்காரர் 2018-19-க்கான இன்புட்டை 2019 அக்டோபர் 20-க்குள் எடுத்திருக்க வேண்டும். 2020-ல் போட்டதால் அந்த ஆண்டின் ஆறு மாத இன்புட், அதாவது ஆறு 24,000, மொத்தம் 1,44,000, காலங்கடந்தது. தள்ளுபடியை நம்பி ரிட்டர்ன் போட்டவர்களில் நிறையப் பேர் இந்தக் குழியில் விழுந்தார்கள். 2018-19-க்கு நோட்டீஸ் அனுப்ப 2024 ஜனவரி இறுதிதான் கெடு, ஆகவே 2023 கடைசியில் கத்தை கத்தையாக வந்தது. என்னிடம் வந்தவர்களில் சிலர் பயந்து உடனே கட்டிவிட்டார்கள். சிலர் மேல்முறையீட்டுக்குப் போனார்கள். சிலர் நோட்டீஸைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

2024 ஆகஸ்டில் சட்டத்தையே மாற்றினார்கள். 2017-18 முதல் 2020-21 வரையான இன்புட்டை 2021 நவம்பர் 30-க்குள் ரிட்டர்னில் எடுத்திருந்தால் செல்லும் என்று பின்தேதியிட்டு அறிவித்தார்கள். ஆனால் ஏற்கெனவே கட்டியதற்கு ரீஃபண்ட் கிடையாது என்று அதே சட்டத்தில் எழுதிவைத்தார்கள். பயந்து கட்டியவருக்கு 1,44,000 போச்சு. திறந்தே பார்க்காதவருக்கு ஒரு பைசா நஷ்டமில்லை. என் மேசையில் உட்கார்ந்து அவர்களுக்கு நான் என்ன விளக்கம் சொல்வது? லேட் ஃபீ விஷயத்தில் அரசை ஆதரிக்கிறேன், இதில் முடியாது.

அப்புறம் ஜிஎஸ்டி சட்டத்தில் புதிதாகச் சேர்த்த 128A பிரிவு. 2017-18 முதல் 2019-20 வரையான ஆண்டுகளுக்கு வந்த, மோசடி இல்லாத நோட்டீஸ்களுக்கு வரியை மட்டும் 2025 மார்ச் 31-க்குள் கட்டினால் வட்டியும் அபராதமும் தள்ளுபடி. அதிலும் முன்பே வட்டி கட்டியவருக்குத் திருப்பித் தருவதில்லை. வட்டியை ஒருபோதும் விட மாட்டார்கள் என்று நான் மேலே பேசியது போலவே என் வாடிக்கையாளர்களிடமும் வருஷக்கணக்காகப் பேசியிருந்தேன்.

---

சில்வர் பீச் எழுதியது:

அப்படியானால் புத்திசாலித்தனம் காத்திருப்பதுதான் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள் சார்.

---

வில்லியனூர் கணக்கர் எழுதியது:

நோட்டீஸ் விஷயத்தில் மேல்முறையீட்டுக் காலத்தை விடாமல் போராடுவது புத்திசாலித்தனம். ரிட்டர்னே போடாமல் காத்திருப்பது இப்போது நடக்காது. உரிய தேதியிலிருந்து மூன்று வருஷம் தாண்டிய ரிட்டர்னைப் போர்ட்டல் ஏற்காது. விதி 2023 அக்டோபரிலேயே வந்துவிட்டது, போர்ட்டலில் 2025-ல்தான் பூட்டினார்கள். பூட்டிய ரிட்டர்னுக்குத் தள்ளுபடி அறிவித்தாலும் போட வழியில்லை, தனியாக விதியைத் தளர்த்தினால்தான் உண்டு.

---

அரியாங்குப்பம் பழைய கடை எழுதியது:

ஐயா, நான் 2022-ல் கடையை மூடிவிட்டேன். பதிவையும் ரத்து செய்தாயிற்று. இறுதி ரிட்டர்ன் GSTR-10 போட வேண்டும் என்பதே எனக்குத் தெரியாது. 2023-ல் ஆயிரம் ரூபாயில் முடிக்கலாம் என்று சலுகை வந்து ஆகஸ்ட் 31-ல் முடிந்துவிட்டதாம். இப்போது 10,000 கேட்கிறது. கட்டிவிடலாமா, அடுத்த சலுகை வருமா?

---

வில்லியனூர் கணக்கர் எழுதியது:

GSTR-10-க்கு ஒரு நாளைக்கு 200 ரூபாய், ஐம்பது நாளில் 10,000 உச்சம். 3பி-க்குக் குறைத்த மாதிரி இதற்குக் குறைக்கவில்லை. மூன்று வருஷப் பூட்டும் இந்தப் படிவத்துக்கு இல்லை. மூடிய கடைக்கு இ-வே பில்லும் வேண்டாம், கேட்க வாடிக்கையாளரும் இல்லை. மூடிய அன்று கையில் சரக்கு மிச்சம் இருந்து அதற்கு இன்புட் எடுத்திருந்தீர்களா? இருந்தால் அந்த வரிக்கு வட்டி ஓடிக்கொண்டிருக்கும், உடனே போடுங்கள். அதிகாரி நோட்டீஸ் அனுப்பியிருந்தாலும் உடனே போடுங்கள்.

---

அரியாங்குப்பம் பழைய கடை எழுதியது:

சரக்கு எதுவும் இல்லை ஐயா, எல்லாம் விற்றுத்தான் மூடினேன். நோட்டீஸும் இதுவரை வரவில்லை.

---

லாஸ்பேட்டை பேராசிரியை எழுதியது:

பாருங்கள், ஐம்பது நாள் தாண்டிய பிறகு இவருக்குக் காத்திருக்க ஒரு பைசா செலவில்லை. ஒருமுறை சலுகை கொடுத்த வரலாறும் இருக்கிறது. காத்திருக்கச் சொல்லிக்கொடுக்க இதைவிடச் சரியான ஏற்பாட்டை நானே வகுப்பில் உதாரணமாக உருவாக்க முடியாது. கணக்கர் சார், இவருக்கு என்ன சொல்வீர்கள்?

---

வில்லியனூர் கணக்கர் எழுதியது:

கட்டுங்கள் என்று சொல்வேன் மேடம், நோட்டீஸ் எந்த நாளும் வரலாம். ஆனால் போன தடவை அப்படிச் சொல்லி 2023 பிப்ரவரியில் 10,000 கட்டவைத்த ஒருவர் இன்றும் என்னைப் பார்த்தால் அந்தப் பேச்சை எடுக்கிறார். சலுகை ஏப்ரலில் தொடங்கியது.

---

பண்ருட்டி முந்திரி எழுதியது:

அரியாங்குப்பம் அண்ணே, அந்தப் பழைய பதிவெண்ணின் போர்ட்டல் பாஸ்வேர்டு இருக்கிறதா? முதலில் உள்ளே போய் நோட்டீஸ் பக்கத்தைத் திறந்து பாருங்கள். வரவில்லை என்று நினைத்துக்கொண்டிருப்போம், மூடிய கடையின் பழைய மின்னஞ்சலுக்கு அனுப்பிவிட்டு உட்கார்ந்திருப்பார்கள்.